வேலைக்குப் பணம் கேட்கும் குழு, லாபத்தை எடுக்கவிடாத செயலி

வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்பு வழியாக இந்தியாவில் நடக்கும் பணமோசடிகளில் இரண்டு வகை பரவலானவை. ஒன்று, ‘டாஸ்க்’ முடித்தால் சம்பளம் என்னும் பகுதிநேர வேலை. மற்றொன்று, பங்குச்சந்தை டிப்ஸ் தரும் குழு. வெளித்தோற்றத்தில் வேறானாலும் இரண்டும் ஒரே வழியில்தான் நகர்கின்றன: முதலில் சிறிதளவு நிஜப் பணம், பிறகு திரையில் மட்டும் வளரும் தொகை, கடைசியில் அந்தத் தொகையை எடுப்பதற்கே கட்டணம்.

டாஸ்க் மோசடி பெரும்பாலும் யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுவதிலோ, கூகுள் மேப்ஸில் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பதிலோ தொடங்கும். ஒரு லைக்குக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று லைக் போட்டவருக்கு 150 ரூபாய் உண்மையிலேயே கணக்கில் வந்து சேரும். சந்தேகம் கரைவது இந்த இடத்தில்தான். அடுத்து அவரை டெலிகிராம் குழுவில் சேர்த்து, ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’ தருவார்கள். 1,000 ரூபாய் கட்டினால் 1,300 திரும்ப வரும், அதுவும் வந்துவிடும். 5,000 கட்டியதும் கதை மாறுகிறது. அவர்கள் கொடுத்த இணையதளத்தில் 6,500 என்று இருப்பு காட்டும், ஆனால் எடுக்க முடியாது. ‘நான்கு டாஸ்க் கொண்ட தொகுப்பை முடித்தால்தான் வித்ட்ரா’ என்பார்கள். இரண்டாவதற்கு 15,000, மூன்றாவதற்கு 40,000 என்று தொகை ஏறும். கடைசியில் ‘தவறான பட்டனை அழுத்திவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது’ என்று சொல்லி, சரிசெய்ய இன்னொரு தொகை கேட்பார்கள்.

ஏமாறுபவர் பேராசைக்காரர் என்று சொல்வது நியாயமல்ல. நாற்பதாயிரத்தைக் கட்டும்போது அவர் மனத்தில் இருப்பது லாபம் அல்ல, ஏற்கெனவே போட்டதை மீட்கும் தவிப்பு. குழுவில் ‘எனக்குப் பணம் வந்துவிட்டது’ என்று ஸ்கிரீன்ஷாட் போடுபவர்கள் பெரும்பாலும் மோசடிக்காரர்களின் ஆட்களே. தொகுப்பின் நடுவில் ஒருவர் நிறுத்தினால் ‘எங்கள் பணமும் சிக்கிக்கொள்ளும்’ என்று அவர்கள் நெருக்குவார்கள்.

முதலில் வரும் அந்த 150 ரூபாயிலும் ஆபத்து உண்டு. அது இன்னொருவரிடம் ஏமாற்றிய பணமாக இருக்கலாம். அந்த இன்னொருவர் புகார் கொடுத்தால், பணம் கைமாறிய பாதையைப் பின்தொடரும் போலீஸ் கேட்டுக்கொண்டதன்பேரில் 150 ரூபாய் பெற்றவரின் கணக்கும் முடக்கப்படலாம்.

பங்குக் குழுக்களில் தூண்டில் பெரிது. பிரபல தரகு நிறுவனத்தின் பெயரில் சில வாரம் இலவச வகுப்பு நடக்கும். பிறகு ‘இன்ஸ்டிட்யூஷனல் அக்கவுன்ட்’ என்று ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதில் ஐ.பி.ஓ. பங்குகள் கேட்டதைவிட அதிகமாக ஒதுக்கப்பட்டதாகக் காட்டி, மீதித் தொகையை உடனே கட்டும்படி விரட்டுவார்கள்.

உண்மையான ஐ.பி.ஓ. அப்படி நடப்பதில்லை. சிறு முதலீட்டாளர் விண்ணப்பிக்கும்போது பணம் அவருடைய வங்கிக் கணக்கிலேயே நிறுத்திவைக்கப்படும். ஒதுக்கீடு கிடைத்தால் மட்டுமே கழியும். விண்ணப்பித்ததைவிட அதிகமான பங்கு ஒதுக்கப்படாது. வாங்கிய பங்கு என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். டீமேட் கணக்கில் இருக்கும். செயலி லட்சங்களைக் காட்டும்போது டீமேட் அறிக்கையில் அந்தப் பங்குகள் இல்லையென்றால், அவை வாங்கப்படவே இல்லை.

பணம் போகும் இடமும் துப்புத் தரும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில், தனிநபரின் அல்லது சம்பந்தமில்லாத கடையின் கணக்கு எண் வந்தால் அது பங்குத்தரகு அல்ல. செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகரின் எண் INA என்றும், ஆய்வாளரின் எண் INH என்றும் தொடங்கும். ஆனால் உண்மையான ஒருவரின் எண்ணை அப்படியே திருடிச் சான்றிதழ் காட்டுவதும் நடக்கிறது. எனவே sebi.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்குள்ள தொலைபேசி அல்லது மின்னஞ்சலில் கேட்டு உறுதிசெய்வதே சரி. பதிவுபெற்றவர் ஆலோசனைக் கட்டணம் வாங்கலாம். நிச்சய லாபம் என்று வாக்குக் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை.

பணத்தை எடுக்க முயலும்போது ‘லாபத்தில் 20 சதவீதம் வரி கட்டுங்கள்’ என்பார்கள். பங்கு லாபத்துக்கான வருமான வரியை முதலீட்டாளர் அரசுக்குத்தான் செலுத்துகிறார். தரகரின் கணக்கில் முன்பணமாகக் கட்டும் முறை கிடையாது. இந்தக் கோரிக்கை வந்த பிறகு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் கணக்கு மாறி மாறி வேகமாக ஓடுவதால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், பணம் அனுப்பிய கணக்கு விவரம், உரையாடல் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே குழுவிலிருந்து வெளியேற வேண்டும். சில நாள் கழித்து, ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று அழைப்பு வந்தால் அதையும் அதே புகாரில் சேர்த்துத் தெரிவிக்கலாம்.