கடைசி இருக்கை யாருக்கு?

ஒரு பேருந்தில் ஒரே ஒரு இருக்கை மீதம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதை முன்பதிவு செய்கிறார்கள். மீதம் எத்தனை என்று இணையதளம் இருவருக்காகவும் படிக்கிறது. இரண்டு முறையும் 1 என்றே வருகிறது. ஒன்றைக் கழித்து 0 என்று எழுதிவிட்டு இருவருக்கும் டிக்கெட் அனுப்பிவிடுகிறது. கணக்கில் எந்தத் தவறும் தெரியாது. பேருந்தில் ஏறும்போதுதான் தெரியும்.

மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லா என்று கேட்பவர்களை நான் இந்த இருக்கையை வைத்துத்தான் யோசிக்கச் சொல்வேன்.

பரிவர்த்தனை தொடங்கியபின் முதலில் கண்ட தரவையே கடைசிவரை காட்டும் நிலைக்கு ‘ரிப்பீட்டபிள் ரீட்’ என்று பெயர். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எஞ்சினில் இதுதான் இயல்பு நிலை. ஆனால் பழைய தரவு படிப்பதற்கு மட்டுமே. இரண்டாவது பரிவர்த்தனை, முதலாவதின் பூட்டு விலகும்வரை காத்திருந்துவிட்டு, சத்தமில்லாமல் 0 என்று எழுதிவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அதே நிலையை வைத்தால் அது நிறுத்திவிடுகிறது:

```
ERROR: could not serialize access due to concurrent update
```

நிரல் இந்தப் பிழையைப் பிடித்து முதலிலிருந்து முயன்றால், இம்முறை 0 என்று படிக்கும். ஆனால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் இயல்பு நிலை ‘ரீட் கமிட்டட்’. அதை மாற்றாமல் விட்டால் அங்கும் இருக்கை இரண்டு பேருக்குப் போகும். இரண்டிலும் நம்பகமான வழி, கழிப்பதைத் தரவுத்தளத்திடமே விடுவது:

```sql
UPDATE trips SET seats = seats - 1
WHERE id = 7 AND seats > 0;
```

எந்த வரிசையும் மாறவில்லை என்று பதில் வந்தால் இடமில்லை.

‘ஒருவருக்கு ஒரு நாளில் 6 டிக்கெட்தான்’ என்பதுபோல் பல வரிசைகளைக் கூட்டிப் பார்க்கும் விதிக்கு இது போதாது. அங்கே ‘சீரியலைசபிள்’ நிலை வேண்டும். மைஎஸ்க்யூஎல் படித்த வரிசைகளையும் பூட்டி அதைச் சாதிக்கிறது. அதனால் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க நேரும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2011இல் வந்த 9.1 முதல், யார் எதைப் படித்தார் என்று கவனித்து, முரண் வந்தால் மட்டும் ஒன்றை ரத்து செய்கிறது. விதிகள் பெருகும் தளத்துக்கு இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சிக்கலான அறிக்கைகளில் இடைவெளி குறைந்துவிட்டது. விண்டோ ஃபங்ஷன்கள் மைஎஸ்க்யூஎல்லுக்கு 2018இல் 8.0உடன் வந்தன; போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 2009 முதலே உண்டு. 8.0இல் நன்றாக ஓடும் தளத்தை அதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வரிசையை மாற்றினால் அதன் பழைய பிரதி டேபிளிலேயே தங்கும். ‘வேக்யூம்’ வந்து துப்புரவு செய்யும். ஏதோ ஒரு பரிவர்த்தனை மணிக்கணக்கில் திறந்தே கிடந்தால் அந்தப் பிரதிகளைத் துப்புரவு செய்ய முடியாது, டேபிள் ஊதிக்கொண்டே போகும். `pg_stat_activity`இல் `xact_start` நேரத்தைப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.