கடைச் சிட்டையை வாசிப்போம்

சாட்டியில் மீளக்குடியமர்ந்த கமக்காரர்கள் தம் சங்கத்தின் பேரில் யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் குழாயும் முட்கம்பியும் கடனுக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லொறி வந்து பொருளை இறக்குகிறது. கையில் ஆங்கிலத்தில் ஒரு விலைச்சிட்டை தரப்படுகிறது. இதை எப்படி வாசிப்பது?

முதலில் 'பில் ரு' என்ற இடத்தைப் பார்ப்போம். கடனாளி யார் என்பதை அது சொல்லும். அங்கே சங்கத்தின் பெயர் இருக்கவேண்டும். தலைவரின் பெயர் மட்டும் இருந்தால், கடன் அவர் தலையில் விழும். சங்கக் கணக்கிலும் அச்சிட்டையைக் காட்ட முடியாது. 'டெலிவர் ரு' என்பது பொருள் இறங்கும் இடம் மட்டுமே. சிட்டை இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்வோம். 30 நாள் தவணை என்றால், வேறு பேச்சு இல்லாதவரை, அது பெரும்பாலும் சிட்டைத் திகதியிலிருந்தே எண்ணப்படும். பொருள் வந்த நாளிலிருந்து அல்ல.

அடுத்தது கணக்கு. குழாய் 20, ஒன்று 1,200 ரூபா: 24,000. முட்கம்பி 4 சுருள், ஒன்று 9,000 ரூபா: 36,000. மொத்தம் 60,000. நூற்றுக்கு 5 கழிவு 3,000 போக மிச்சம் 57,000. இதன்மேல் வற் வரி 2024 முதல் நூற்றுக்கு 18, அது 10,260. ஆக 67,260. நாம் கட்டிய முற்பணம் 20,000 கழிய, 'அமௌன்ற் டியூ', அதாவது இப்போது கட்டவேண்டியது, 47,260 ரூபா.

இங்கே இரண்டு பிழைகள் நேரலாம். கழிவுக்கு முந்திய 60,000க்கு வரி போட்டால் 10,800 வரும். 540 ரூபா கூடுதலாகப் போய்விடும். வற் பதிவிலக்கம் இல்லாத கடைக்கோ வரி அறவிட உரிமையே இல்லை.

இன்னொன்று, இறங்கிய சுருள் மூன்றுதான் என்றால்? லொறிக்காரர் தரும் ஒப்படைப்புச் சீட்டில் '3 மட்டும்' என்று எழுதிய பின்பே ஒப்பமிடுவோம். பிறகு வரவுக் குறிப்புக் கேட்போம். ஆனால் வெறும் 9,000ஐக் கழிப்பது சரியல்ல. கழிவு போக 8,550, அதன் வரி 1,539, ஆக 10,089 குறையவேண்டும். அப்போது கட்டவேண்டியது 37,171 ரூபா.

அடியில் வங்கி, கிளை, கணக்குப் பெயர், கணக்கு இலக்கம் இருக்கும். கணக்குப் பெயர் சிட்டையின் தலைப்பிலுள்ள கடைப் பெயரோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்போம். வேறு ஆளின் பெயரோ, புதிய இலக்கமோ இருந்தால், பழைய சிட்டையிலுள்ள தொலைபேசி எண்ணில் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுவோம். வைப்புச் சீட்டில் சிட்டை இலக்கத்தை எழுதுவோம். இல்லாவிட்டால் எந்தக் கடன் தீர்ந்தது என்று கடைக்குத் தெரியாது. வங்கி முத்திரையிட்ட அடிக்கட்டையைச் சிட்டையோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொள்வோம்.