நாளைக்கு டோக்கன் கிடைக்குமா?

சிற்றூர் கிளினிக் ஒன்றில் வாட்ஸ்அப் வழியே டோக்கன் கொடுக்க ஒரு சாட்பாட் வைக்கிறார்கள் என்று கொள்வோம். அதை உருவாக்கும் மென்பொருளாளருக்கு மேலாளர் ஒரு குறிப்பு எழுத வேண்டும். "டோக்கன் போட, நேரம் மாற்ற, கட்டணம் சொல்ல" என்று ஒரே வரியில் முடித்தால், மீதியை அவர் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்வார்.

யார் பயன்படுத்துவார்கள் என்பதிலேயே அந்த ஊகம் தவறும். டோக்கன் கேட்பவர் பல நேரம் நோயாளி அல்ல, வெளியூரில் இருக்கும் மகளோ மகனோ. ஒரே எண்ணிலிருந்து அம்மாவுக்கும் கேட்பார்கள், குழந்தைக்கும் கேட்பார்கள். ஆகவே எண்ணை வைத்து நோயாளியை முடிவுசெய்யாமல், யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும் என்பதைக் குறிப்பு சொல்ல வேண்டும்.

இப்போது இரவு பத்து மணிக்கு ஒரு செய்தி வருகிறது: "அப்பாவுக்கு நேத்துலேர்ந்து நெஞ்சு எரியுது. நாளைக்கு டோக்கன் கிடைக்குமா?" சாட்பாட் நாளை மாலைக்கு டோக்கன் கொடுக்கிறது. சொன்ன வேலையை அது பிசகாமல் செய்துவிட்டது. ஆனால் நெஞ்செரிச்சல் வெறும் அமிலத் தொல்லையாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வருவதுண்டு. அதைப் பிரித்தறிவது சாட்பாட்டின் வேலை அல்ல. நெஞ்சு, மூச்சு, மயக்கம், வலிப்பு பற்றி எந்தப் பேச்சு வந்தாலும், முதல் பதிலாக 108 எண்ணைத் தந்து, உடனே செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும். கிளினிக் மூடியபின் அந்த அழைப்பை யார் எடுப்பார் என்பதையும் மேலாளர்தான் எழுத வேண்டும். எடுக்க ஆள் இல்லையென்றால், சாட்பாட் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

வெற்றியை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் பெரும்பாலான குறிப்புகள் சறுக்குகின்றன. "பத்தில் எட்டு உரையாடல் மனிதர் தலையீடின்றி முடிய வேண்டும்" என்று எழுதினால், அந்த அப்பாவைச் செவிலியரிடம் அனுப்புவது தோல்விக் கணக்கில் சேரும். டோக்கன் கொடுத்து அனுப்பியது வெற்றியாகும். எனவே அவசரச் செய்திகளைத் தனியாக எண்ண வேண்டும். அவற்றில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. மற்ற பலனை அளக்க, சாட்பாட் வரும் முன்பே இரண்டு வாரம் வரவேற்பறை அழைப்புகளைக் காரணத்தோடு குறித்துவைக்க வேண்டும். பழைய கணக்கு இல்லாமல் அழைப்பு குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

சேமிக்கும் தகவல் குறைவாகவே இருக்கட்டும். பெயர், வயது, எண், மருத்துவர், நேரம் போதும். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதமும் நோக்கமும் கேட்கிறது. ஆனால் கேட்காமலே சிலர் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படமெடுத்து அனுப்புவார்கள். அதை என்ன செய்வது, எத்தனை நாளில் அழிப்பது என்றும் எழுதவேண்டும்.

கடைசியாக ஒரு இணைப்பு: வரவேற்பறைக்கு உண்மையில் வந்த நூறு கேள்விகள், பெயர்களை நீக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் பதிலோடு. "nenju eriyuthu" என்று ஆங்கில எழுத்தில் வந்ததும், குரல் பதிவாக வந்ததும் அதில் இருக்க வேண்டும். சாட்பாட்டில் எதை மாற்றினாலும் அந்த நூறையும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும்.