தாகம் உப்பில் தொடங்குகிறது

டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம் மருத்துவமனையிலும் வீட்டிலும் தவறாமல் சொல்லப்படுவது, "தண்ணீரைக் குறையுங்கள்" என்பது. ஆனால் உடம்பில் உப்பு ஏறியிருக்கும்போது தாகத்தை மன உறுதியால் மட்டும் அடக்க முடியாது. ரத்தத்தில் உப்பின் செறிவு சற்றுக் கூடினாலும் மூளை தண்ணீர் கேட்கும். செறிவு பழைய நிலைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 8 கிராம் உப்பு உள்ளே போனால் அதற்கு ஈடாக உடம்பு 1 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. நல்ல சிறுநீரகம் என்றால் இரண்டையும் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு உலர் எடை, அதாவது மிகுதித் தண்ணீர் எல்லாம் நீங்கியபின் இருக்கவேண்டிய எடை, 60 கிலோ. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று முறை, தலா 4 மணி நேரம் டயாலிசிஸ். காலையில் இட்லி, சாம்பார், சட்னி, மதியம் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மாலையில் மிக்சர், இரவு தோசை, மிளகாய்ப்பொடி. இப்படிச் சாப்பிட்டால் ஒரு நாளில் 12 கிராம் உப்பு எளிதாக உள்ளே போய்விடும். அது கேட்கும் தண்ணீர் 1.5 லிட்டர். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட நாட்களில் எடை 4 கிலோவுக்கு மேல் ஏறிவிடும்.

இயந்திரம் தண்ணீரை எடுக்கும் வேகத்துக்கு ஒரு பாதுகாப்பு எல்லை உண்டு: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லி. இவருக்கு 4 மணி நேரத்தில் 3.1 லிட்டர்தான் வருகிறது. அதற்கு மேல் அவசரமாக இழுத்தால் ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், இதயத் தசைக்கும் ரத்தம் குறையும். இழுக்காமல் விட்டால் மிச்சத் தண்ணீர் நுரையீரலில் தேங்கும். அதே மனிதர் நாளுக்கு 5 கிராம் உப்போடு நிறுத்தினால், அந்த நீண்ட இடைவெளியிலும் ஏற்றம் 2 கிலோவை ஒட்டியே நிற்கும். தாகமும் அந்த அளவுக்குத்தான் எழும்.

5 கிராம் என்பது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. ரொட்டி, பிஸ்கட், கடைப்பண்டங்களில் இருக்கும் உப்பும் இதில் சேர்த்தி என்பதால், சமையலுக்கு அரைத் தேக்கரண்டியைக் காலையிலேயே தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் நான்கையும் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி, சில துளி எலுமிச்சை சுவையைத் தாங்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடுகிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடும். இளநீரும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

இனி தண்ணீர். பொதுவான கணக்கு, ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு 500 மில்லி. நம் உதாரணக்காரருக்கு 200 மில்லி போகிறது என்றால், அவர் அருந்தலாகும் அளவு 700 மில்லி. உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். காலையில் அந்த அளவை ஒரு பாட்டிலில் நிரப்புங்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். பெரிய டம்ளரை ஒதுக்கிச் சின்ன டம்ளரில் குடியுங்கள். மாத்திரைக்கும் இந்தத் தண்ணீரிலிருந்துதான். ஐஸ் கட்டி மெல்லக் கரைவதால் சிறிதளவு தண்ணீரே வெகுநேரம் வாயை நனைக்கும், ஆனால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாய் வறட்சி வேறு, தாகம் வேறு. வாயால் மூச்சு விடுவதாலும் சில மாத்திரைகளாலும் வாய் காய்ந்திருக்கும். அதற்குக் குடிக்க வேண்டியதில்லை; குளிர்ந்த நீரால் வாய் கொப்பளித்துத் துப்பினாலோ, சர்க்கரையற்ற சூயிங்கம் மென்றாலோ போதும். நீரிழிவு இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதும் தாகம் பொங்கும். அந்த நேரத்தில் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பிய உடனேயே அடங்காத தாகம் எடுக்கிறதா? இயந்திரத்தில் ஓடும் கரைசலின் சோடியம் அளவு உங்களுக்குக் கூடுதலாக இருக்கலாம். அதை மாற்றி அமைக்க முடியும் என்பதால் மருத்துவரிடம் கேளுங்கள்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரு நாளில் 1 கிலோவுக்கு மேல் ஏறினால், முந்தைய நாள் சாப்பிட்டதில் உப்பு எங்கே நுழைந்தது என்று யோசித்துப் பாருங்கள். கால் வீங்கினால் டயாலிசிஸ் பிரிவுக்குச் சொல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால்தான் சரியாகிறது என்றால் அடுத்த முறை வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.