ஓடிபி மெயில் ஏன் வரவில்லை?

அபிராமபுரத்தில் எங்கள் மாடி வீட்டு மாமி பாஸ்வேர்டை மாற்ற முயன்றார். ‘மெயில் அனுப்பியாயிற்று’ என்றது திரை. இன்பாக்ஸிலும் ஸ்பாமிலும் எதுவும் இல்லை. நான்கு முறை கேட்டும் பலனில்லை. ஜிமெயிலைப் பார்த்தேன்: 15 ஜிபி நிரம்பியிருந்தது. பெரும்பகுதி பேரனின் வீடியோக்கள்!

கூகுளின் இலவச 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமானதல்ல. டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் அதே இடம்தான். அது நிரம்பினால் எழுத்து மட்டுமே உள்ள சின்ன மெயிலும் உள்ளே வராது. அனுப்புபவரின் சர்வர் வந்து தட்டும்போது, ஜிமெயில் சர்வர் பெரும்பாலும் `452 4.2.2` என்று பதில் சொல்லும். ‘இப்போது இடமில்லை, பிறகு வா’ என்று பொருள். மெயில் வாசலிலேயே நின்றுவிடுவதால் ஸ்பாமில் தேடியும் பயனில்லை.

அனுப்பிய சர்வர் சிறிது நேரம் விட்டு மறுபடி முயலும். சாதாரணக் கடிதத்துக்கு அது போதும். ஓடிபியோ பெரும்பாலும் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். இடம் கிடைத்தபின் வந்து சேரும் எண் செல்லாது.

வேறு கணக்கிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். இடமில்லை என்ற அறிவிப்போடு திரும்பினால் காரணம் இதுதான். மாமியின் ஜிமெயிலில் `larger:10M` என்று தேடி, பெரிய மெயில்களை நீக்கினோம். அளவு குறையவில்லை. நீக்கியவை குப்பைத்தொட்டியில் 30 நாள் இடத்தை அடைத்தபடியே கிடக்கும். அதையும் காலி செய்து, சற்றுப் பொறுத்து, புதிதாக ஓடிபி கேளுங்கள். பழைய எண்ணைப் போடாதீர்கள்.