நிலா ஏன் பெரிதாகக் கூடாது?

நிலவொளியில் ஒரு பண்ணை வீடு, ஒரே தாளில் வரைந்த ஓவியம். கேமராவை அதை நோக்கி நகர்த்தினால் வீட்டோடு நிலாவும் பெரிதாகிவிடும். நிஜத்தில் வீட்டை நோக்கி எவ்வளவு நடந்தாலும் நிலா அப்படியேதான் இருக்கும். வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் இதற்குக் கண்ட தீர்வு அழகானது. காட்சியைப் பிரித்துத் தனித்தனிக் கண்ணாடிகளில் தீட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, மேலிருந்து படம்பிடித்தார்கள். 1937-இல் வந்த 'தி ஓல்ட் மில்' குறும்படம் இப்படி உருவானது.

இன்று கண்ணாடி தேவையில்லை. கணினியில் அடுக்குகளை வெவ்வேறு வேகத்தில் நகர்த்தினால் போதும். வேகத்தைத் தீர்மானிப்பது தூரம். மரம் 2 மீட்டரிலும், வீடு 10 மீட்டரிலும், குன்று 100 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமரா பக்கவாட்டில் நகரும்போது மரம் 500 பிக்சல் போனால், வீடு 100, குன்று 10 போக வேண்டும். நிலா அசையவே கூடாது.

பலர் கோட்டைவிடுவது ஓவியத்தின் அகலத்தில். திரை 1920 பிக்சல் என்றால், வீட்டு அடுக்கு குறைந்தது 2020 இருக்க வேண்டும். இல்லையேல் ஓரத்தில் வெற்றிடம் தெரியும். மரம் மறைத்த சுவரையும் முழுதாக வரைந்தாக வேண்டும். நடப்பவரின் பாதம் தரையில் வழுக்கினால், அவரும் அவர் நிற்கும் தரையும் வேறு வேகத்தில் போகின்றன என்று பொருள். ஒவ்வொரு அடுக்கும் தட்டையானதுதான். வீட்டைச் சுற்றிவர இந்த உத்தி உதவாது.