கேமரா கண்டதை மட்டும்

நண்பர் எழுதி வைத்திருந்த கடிதம் இப்படித் தொடங்கியது: “எதிர்த்தரப்பு ஓட்டுநர் செல்போனில் பேசியபடி, அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்து, நான் ஹார்ன் அடித்தும் நிற்காமல் என் காரில் மோதிவிட்டார்.” பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் காலை அலுவலக நேரத்தில் நடந்த விபத்து. யாருக்கும் காயமில்லை. இடப்பக்க முன்கதவும் ஃபெண்டரும் நசுங்கியிருந்தன. காரில் டேஷ்கேம் இருந்ததால் தைரியமாகவே எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன் வீடியோவை டிவியில் போட்டு, வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம்.

செல்போன் எங்கேயும் இல்லை. அந்தக் காரின் கண்ணாடியில் வானம்தான் பளபளக்கிறது. ஓட்டுநரின் முகமே தெரியவில்லை. வேகம் என்று திரையின் மூலையில் ஓடும் எண், ஜிபிஎஸ் தரும் நம் வண்டியின் வேகம். எதிர் வண்டியின் வேகத்தை அது சொல்லாது. பார்த்து ஊகிக்கவும் முடியாது. டேஷ்கேமின் அகன்ற லென்ஸ் பக்கத்தில் இருப்பதைக்கூடத் தள்ளிக் காட்டும். பிறகு அந்த வண்டி திடீரெனப் பாய்ந்து வந்ததுபோல் தோன்றும்.

ஹார்ன் விஷயம்தான் அவரை உலுக்கியது. ரேடியோப் பாட்டு கேட்கிறது, பிறகு மோதும் சத்தம் கேட்கிறது, நடுவில் ஹார்ன் இல்லை. மூன்று முறை திருப்பிப் போட்டோம். அவர் பொய் எழுதவில்லை. அடித்ததாகவே அவர் மனம் நம்பியிருந்தது.

இன்னொன்று, மோதலே படத்தில் இல்லை. கேமரா முன்னால் பார்க்கிறது. அடி விழுந்தது கதவில். வெள்ளைக் கார் படத்தின் இடது ஓரத்தில் மறைகிறது, பிறகு சத்தம், குலுக்கல், அவ்வளவுதான்.

எதிராளியைக் குற்றவாளியாக்கினால்தான் பணம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுக் காப்பீட்டில் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கேட்கும்போது அந்த அவசியமே இல்லை. செல்லுபடியாகும் உரிமம் இருந்து, குடிபோதை போன்ற விலக்குகளில் சிக்காமல் இருந்தால், தவறு நம் பக்கம் இருந்தாலும் பொதுவாக இழப்பீடு உண்டு. சிக்கல் வருவது வேறு இடத்தில். சர்வேயர் நசுங்கலையும் பார்ப்பார், வீடியோவையும் பார்ப்பார். கடிதத்தில் இருக்கும் ஹார்ன் வீடியோவில் இல்லையென்றால், கடிதத்தின் மற்ற வரிகளையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

மறுபடி எழுதியதில் விபத்தைச் சொல்லும் பகுதி இது:

“கேமராவின் கடிகாரப்படி 08:41:07-க்கு இடப்புறத் தெருவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் படத்துக்குள் வருகிறது. படத்தில் தெரியும்வரை அது நிற்கவில்லை. 08:41:09-க்கு இடது ஓரத்தில் மறைகிறது. 08:41:10-க்கு மோதும் சத்தம் கேட்கிறது, படம் குலுங்குகிறது. அப்போது திரையில் காணும் என் காரின் வேகம் 46 கி.மீ. மோதிய கணம் படத்தில் இல்லை. கேமராவின் கடிகாரம் 22 நிமிடம் பின்தங்கியுள்ளது.”

கடைசி வரியைக் கண்டுபிடித்த விதம் சுவையானது. விபத்துக்குப் பிறகு காருக்குள் உட்கார்ந்தபடி அவர் வீட்டுக்குப் பேசிய குரல் 08:44-க்குப் பதிவாகியிருந்தது. அதே அழைப்பு போனில் 9:06 என்று இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால், கிளெய்ம் படிவத்தில் ஒரு நேரமும் வீடியோவில் ஒரு நேரமுமாகக் கேள்வி எழுந்திருக்கும்.

வெள்ளைக் காரின் எண்ணும் படத்தில் மங்கல். இறங்கிப் போய் அவர் குறித்துக்கொண்ட எண்ணை, “இது வீடியோவில் தெளிவாக இல்லை, நேரில் குறித்தது” என்று தனிப் பத்தியில் சேர்த்தோம். பாலிசி எண், அது செல்லும் காலம், தேதி, இடம், உரிம விவரம் ஆகியவை மேலே வந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநர் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தரச் சொல்வதும் ஏறக்குறைய இவற்றைத்தான். யாருக்காவது காயம் பட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும். அப்போது காவல் நிலையமும் தீர்ப்பாயமும் உண்டு, இந்த ஒரு கடிதம் போதாது.

நல்லவேளை, அன்றே அவர் மெமரி கார்டைக் கழற்றி வைத்திருந்தார். கார்டு நிறைந்ததும் டேஷ்கேம் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். குலுக்கலை உணர்ந்து அந்தத் துண்டை மட்டும் அழியாமல் பூட்டும் வசதி உண்டு. மெல்லிய உரசலில் அது இயங்காமலும் போகலாம். வெட்டாத முழுக் கோப்பையும் பென் டிரைவில் நகலெடுத்துக் கடிதத்தோடு வைத்தோம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கி, இருக்கும் தெளிவும் போய்விடும்.

கையெழுத்துப் போடும்போது 46 என்ற எண்ணின் மேல் அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது. முதல் கடிதத்தில் 30 என்று எழுதியிருந்தார். “இருக்கட்டும்” என்று சொல்லிக் கீழே ஒப்பமிட்டார்.